வாயில் டேப் ஒட்டினால் நடு இரவில் மூச்சு முட்டுகிறது, எந்த டேப் வாங்குவது?

கெடிலக்கரை (திங்கள், இரவு 11.40)
மூக்கால் மட்டும் மூச்சுவிட வேண்டும் என்று இரண்டு வாரமாக வாயில் டேப் ஒட்டிக்கொண்டு படுக்கிறேன். மூக்கின் மேல் ஒட்டும் பட்டையும் உண்டு. வீடியோவில் சொன்னபடியே செய்கிறேன். பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்குள் மூச்சு முட்டி எழுந்து டேப்பைப் பிய்த்துவிடுகிறேன். உதட்டோரம் தோல் உரிந்துவிட்டது. எந்த டேப் நல்லது? காலை 6 மணி ஷிப்ட், சீக்கிரம் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை வாசி
இப்போது ஒட்டுவது என்ன டேப்? மீசை உண்டா? உதட்டை முழுவதும் மூடாமல் நடுவில் செங்குத்தாக ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். ஓரங்களில் காற்று போகும். எனக்கு மூன்று மாதமாக அப்படித்தான், காலையில் வாய் வறள்வது நின்றுவிட்டது.

வில்லியனூர் வாத்தியார்
வயது இல்லை, எடை இல்லை, குறட்டை உண்டா இல்லையா என்பதும் இல்லை. இந்தப் பகுதியில் பதினோரு ஆண்டுகளாக எழுதுகிறேன். கேள்வி கேட்கக்கூட ஒரு முறை இருக்கிறது தம்பி. மூக்கால் மூச்சுவிடுவதே இயற்கை. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்குதான். நாடிசுத்தி மூச்சுப் பயிற்சியை ஒரு மண்டலம் செய்யுங்கள், எந்த மூக்கும் திறந்துவிடும்.

மஞ்சக்குப்பம் செவிலி
ஐயா சொல்லும் முதல் பாதி சரி. ஆனால் உள்ளே வீங்கிய சதையைப் பயிற்சி சுருக்காது. கெடிலக்கரை அவர்களே, டேப்பை இன்று இரவே நிறுத்துங்கள். மூக்கு திறந்திருப்பவருக்குத்தான் வாயை மூடுவது பற்றிய பேச்சே. சில கேள்விகள்: அடைப்பு ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? குறட்டை உண்டா? ரத்த அழுத்தம் உண்டா? மூக்குக்கு ஏதாவது மருந்து விடுகிறீர்களா?

இதையும் செய்து பாருங்கள். மூக்கோரத்துக் கன்னத்தில் இரண்டு விரல்களை வைத்து, காதுப் பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டு மூச்சை இழுங்கள். அப்போது பளிச்சென்று திறந்தால் குறுகல் மூக்குத் துவாரத்தின் வாயிலில் இருக்கிறது. பட்டை உங்களுக்கு உதவும். மாற்றமே இல்லையென்றால் அடைப்பு அதற்கும் உள்ளே. பட்டை வெளித்தோலை இழுத்துப் பிடிக்கும் ஒரு சிறு வில், அவ்வளவுதான்; அது அங்கே எட்டாது.

பாகூர் அப்பா
என் மகனுக்கு 6 வயது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். நடுவில் ஒட்டும் டேப் குழந்தைக்கு ஒட்டலாமா?

மஞ்சக்குப்பம் செவிலி
கூடவே கூடாது அண்ணா. அந்த வயதில் வாய் திறந்திருந்தால் மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை பெருத்திருக்க வாய்ப்பு அதிகம். அவன் மூச்சு விடும் வழியையே நாம் ஒட்டி மூடிவிடுவோம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முத்தியால்பேட்டை வாசி
எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?

மஞ்சக்குப்பம் செவிலி
உங்கள் மூக்கு திறந்திருக்கிறது. 2025இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், எடுத்துக்கொண்ட 10 ஆய்வுகளையும் சேர்த்தே 213 பேர்தான். சிலருக்குச் சிறிய பலன் தெரிந்தது. மூக்கடைப்பு இருப்பவருக்கு மூச்சுத்திணறல் ஆபத்து என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. மது குடித்த இரவிலோ குமட்டலோடோ படுப்பவர் வாயை ஒட்டிக்கொண்டால் வாந்தி எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கெடிலக்கரை (புதன், மாலை)
மன்னிக்கவும், ஷிப்ட். வயது 38. இரண்டு பக்கமும் அடைக்கிறது. கன்னத்தை இழுத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. குறட்டை உண்டு என்று மனைவி சொல்கிறாள். பிரஷர் இல்லை. மூக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், அதை எல்லோரும்தானே விடுகிறார்கள். நவம்பர் மழையில் சளி பிடித்தபோது ஆரம்பித்தது. இரவு 9 மணிக்கு ஒரு முறை, நடு இரவில் எழுந்தால் ஒரு முறை, விடியலில் ஒரு முறை.

மஞ்சக்குப்பம் செவிலி
மருந்துக் குப்பியைத் திருப்பிப் பாருங்கள். சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் என்று இருக்கிறதா?

கெடிலக்கரை
சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம். இது நான்காவது குப்பி.

மஞ்சக்குப்பம் செவிலி
அப்படியானால் டேப்பைப் பற்றிய கேள்வியே மாறிவிடுகிறது. இந்த மருந்து மூக்கின் உள்சவ்வில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மூன்று முதல் ஐந்து நாளுக்குத்தான் அது நல்லது. அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். அடைப்புக்கு மருந்து, மருந்தால் அடைப்பு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்த சொட்டு இப்போது சில மணி நேரத்தில் இறங்குகிறது. மல்லாந்து படுத்தால் ரத்தம் தலைப்பக்கம் சேர்ந்து வீக்கம் இன்னும் கூடும். 9 மணிக்கு விட்டது 12 மணிக்கு இறங்குகிறது, அந்த நேரம் வாயும் ஒட்டியிருக்கிறது. உங்களுக்கு மூச்சு முட்டுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். மருத்துவர் உள்ளே பார்த்து உறுதி செய்யட்டும்.

எங்கள் புறநோயாளிப் பிரிவில் வழக்கமாகச் சொல்வது இது: ஒரு பக்கத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்துவது. அந்தப் பக்கம் சில நாள் கல்லாக அடைத்துக்கொள்ளும், மறுபக்கத்தால் தூங்கிவிடலாம். அது திறந்த பிறகு மறுபக்கத்துக்கும் நிறுத்துவது. கூடவே புளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் ஸ்பிரேயை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அது சொட்டைப் போல அப்போதே திறக்காது, ஒன்றிரண்டு வாரம் ஆகும். பலனில்லை என்று மூன்றாம் நாளே தூக்கிப் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வில்லியனூர் வாத்தியார்
அவை ஸ்டீராய்டு. என் மைத்துனர் ஸ்டீராய்டு சாப்பிட்டே முகம் வீங்கி, சர்க்கரையும் ஏறிப்போனார். ஒரு செவிலியே இதைப் பரிந்துரைப்பது வருத்தமளிக்கிறது.

மஞ்சக்குப்பம் செவிலி
உங்கள் மைத்துனர் சாப்பிட்டது மாத்திரை ஐயா. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகும். இந்த ஸ்பிரே மூக்குச் சவ்வில் படுகிறது, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. இதிலும் தொல்லை உண்டு: மூக்கின் நடுச்சுவரில் நேராக அடித்தால் மூக்கில் ரத்தம் கசியும். அதனால் வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. முனை கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

வில்லியனூர் வாத்தியார்
என் அனுபவத்தை நீங்கள் மதிக்கவில்லை. நான் சொன்னது சொன்னதுதான்.

முத்தியால்பேட்டை வாசி
உப்பு நீரில் மூக்கைக் கழுவினால் போதாதா? நான் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறேன்.

மஞ்சக்குப்பம் செவிலி
கழுவுவது நல்லது, குழாய்த் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய நீர் 250 மில்லிக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. கொதிக்காத நீரில் அமீபா இருந்தால் மூக்கு வழியாக மூளைக்கே ஏறும். அரிதுதான், வந்தால் உயிர் பிழைப்பது கடினம்.

கெடிலக்கரை அவர்களே, குறட்டையை விட்டுவிடாதீர்கள். மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம்; டேப்பும் பட்டையும் சத்தத்தை மறைக்கலாம், அந்த நோயை மாற்றாது. தூக்கப் பரிசோதனைதான் வழி.

கெடிலக்கரை (மூன்று வாரம் கழித்து)
மருத்துவரும் சொட்டு மருந்துதான் காரணம் என்றார். முதலில் வலது பக்கம் நிறுத்தினேன். ஐந்து இரவு நரகம், ஏழாம் நாள் திறந்தது. இடது பக்கம் நிறுத்தி ஆறு நாள் ஆகிறது, விடியலில் கொஞ்சம் அடைக்கிறது. உதடு ஆறிவிட்டது. குறட்டை மட்டும் நிற்கவில்லை. ஒரே இரவில் மூன்று முறை மூச்சு நின்றதுபோல் இருந்ததாக மனைவி சொல்கிறாள். செவ்வாய்க்கிழமை ஜிப்மருக்குப் போகிறோம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.