தகுதிகாண் சுற்று முடிவை எப்படி அறிவிப்பது?

வணக்கம். மட்டக்களப்பில் எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இம்முறையும் நான்தான் அறிவிப்பாளர். மைதானத்தில் ஆறு ஓடுபாதைகள். 100 மீட்டருக்கு இரண்டு தகுதிகாண் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் முதல் இருவரும், மீதிப் பேரில் நேரம் குறைந்த இருவரும் இறுதிக்குப் போவார்கள்.

சிக்கல் அந்தக் கடைசி இருவரில்தான். போன வருடம் முதல் சுற்றில் மூன்றாவதாக வந்த பிள்ளையைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். நேரத்தாள் வந்தபோது அவள் தெரிவாகியிருந்தாள். இன்னும் மனம் ஆறவில்லை.

இம்முறை ஒவ்வொரு சுற்று முடிந்ததும், "மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்த பிள்ளைகள் போகவேண்டாம், நேரம் பார்க்கிறோம்" என்று சொல்ல நினைக்கிறேன். அது போதுமா? இடையில் குண்டெறிதல் முடிவும் வந்துவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் எந்த வரிசையில் சொல்வீர்கள்?