பொள்ளாச்சி அரிசி கதவுகிட்டயா, நடுவுலயா? 14 அடி வண்டியில லோடு வரிசை

கோவை_டெப்போ: கோவையில இருந்து 14 அடி மூடின வண்டி, பின்கதவு மட்டும்தான். முதல்ல பொள்ளாச்சி 25 கிலோ அரிசி 60 மூட்டை, அடுத்து உடுமலை எண்ணெய் டின் 40, பழனி பிஸ்கட் 150 பெட்டி, கடைசியா திண்டுக்கல் சோப்பு 80 பெட்டி. பொள்ளாச்சியிலயே ஒரு மணி நேரம் போயிடுது. எப்படி ஏத்துறது?

ரூட்_ராஜா: இதுல யோசிக்க என்ன இருக்கு, கடைசி ஊரு கேபின் பக்கம், முதல் ஊரு கதவு பக்கம். 60 மூட்டையையும் கதவை ஒட்டி ஒரே சுவரா அடுக்கிட்டா திறந்த உடனே இறக்கலாம், அரை மணி நேரம் கூட ஆகாது.

பழைய_டிரைவர்: தம்பி வரிசை சரிதான், ஆனா சுவரா அடுக்கச் சொல்றீங்க பாருங்க அதுதான் தப்பு. குறுக்க நாலு மூட்டைதான் படுக்கும், அப்போ 60 மூட்டைக்கு 15 அடுக்கு, ஆள் உயரம். ஒன்றரை டன்னும் பின்சக்கரத்துக்குப் பின்னாடி தொங்குற அந்த ரெண்டடியில உக்காந்துடும். முன்சக்கரத்துல எடை குறைஞ்சு ஸ்டீரிங் லேசாயிடும், வேகத்தடையில பின்பக்கம் தூக்கிப் போடும், டிரைவர் கையிலயே தெரியும். அதுக்குப் பதிலா அஞ்சு அடுக்கு உயரத்துல மூணு வரிசையா பரப்புங்க. ஆறரை அடி நீளம் பிடிக்கும், எடை சக்கரத்து மேலயே உக்காரும், வண்டிக்குள்ள நிக்கிற லோடுமேனும் இடுப்பு உயரத்துக்குள்ளயே எடுப்பாரு, தலைக்கு மேல இருந்து இழுக்கிற வேலையே இல்ல.

ரூட்_ராஜா: அண்ணே ஆறரை அடி அரிசிக்கே போயிட்டா மிச்சம் ஏழரை அடியில டின்னு, பிஸ்கட், சோப்பு மூணும் எப்படி அடங்கும்? அரிசி மேல பிஸ்கட் வச்சா பொள்ளாச்சியில அதை இறக்கி ஏத்தணும், திரும்பவும் அதே ஒரு மணி நேரம்தானே.

பழைய_டிரைவர்: நல்ல கேள்வி. டின்னை ரெண்டு உயரம் மூணு வரிசையா அரிசிக்கு முன்னாடி வச்சா ரெண்டேகால் அடி. கேபின் பக்கம் மிச்சமிருக்கிற அஞ்சடியில சோப்பும் பிஸ்கட்டும் கூரை வரைக்கும் அடுக்கினாலும் ஒரு முப்பது பிஸ்கட் பெட்டி வெளியதான் நிக்கும். எங்கயாவது ஒரு இடத்துல வரிசையை மீறித்தான் ஆகணும், அதை எந்த ஊர்ல மீறுறோம்கிறதுதான் விஷயம். பொள்ளாச்சியில கதவைத் திறந்தா உள்ள கால் வைக்கவே இடம் இருக்காது, மேல இருக்கிறத எடுத்து ரோட்டுலதான் வைக்கணும். உடுமலை போறப்போ அரிசி போயி ஆறரை அடி தரை காலியா கிடக்கும். அதனால அந்த முப்பதையும் டின் மேல ஒரு பிளைவுட் பலகை போட்டு வைங்க. உடுமலையில அதை காலித் தரையில ஒரு ஓரமா நகர்த்திட்டு டின்னை எடுத்துடலாம், ரெண்டு பேரு இருந்தா அஞ்சு பத்து நிமிஷம். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பொள்ளாச்சி தாண்டின உடனே பின்பக்கம் தாங்க எதுவும் இருக்காது, மேட்டுல கிளம்புறப்போ மேல் பெட்டி பின்னாடி சரியும். அங்கயே குறுக்க கயிறு கட்டிட்டுத்தான் கிளம்பணும்.

பால்வண்டி_மதுரை: எங்க வண்டியிலயும் இதே தொல்லைதாங்க, ஆனா எங்களுக்கு பிரச்சினை பால் பாக்கெட் வச்சு வர்ற டப்பு, அதுல காலியானது. முதல் கடையில பால் இறக்கினதும் காலியை கதவுகிட்டயே வீசிடுறாங்க, மூணாவது கடைக்கு வர்றப்போ காலி டப்பைத் தாண்டித்தான் பாலை எடுக்கணும். நீங்க திரும்பி வர்ற சரக்கை எங்க வைப்பீங்க?

கோவை_டெப்போ: எங்களுக்கு ரிட்டர்ன் ரொம்ப கம்மிங்க, கிழிஞ்ச பெட்டி நாலஞ்சு வரும், அவ்வளவுதான்.

பழைய_டிரைவர்: மதுரைக்காரரே, முதல் கடை காலி பண்ணின இடத்துல ஒரு பக்கச் சுவரை ஒட்டி டப்பை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க, நடந்து போக ஒரு ஆள் அகலம் விட்டுடுங்க. அந்த வழியை மட்டும் யாரையும் அடைக்க விடாதீங்க.

கணக்கு_செல்வி: எல்லாரும் இடத்தையும் எடையையும் மட்டும் பேசுறீங்க. சோப்பும் பிஸ்கட்டும் ஒட்டி நிக்குது, மூடின வண்டி, வெயில்ல பழனி வரைக்கும். பழனி கடைக்காரர் பெட்டியைத் திறந்து மோந்து பாத்துட்டு திருப்பி அனுப்பினா அந்த ரிட்டர்ன் கணக்கு எங்க தலையிலதான் விழுது. நடுவுல தார்ப்பாய் தொங்கவிட்டா கொஞ்சம் தாங்கும். ரூட்டை மாத்த முடியாதுன்னா சோப்பை வேற ட்ரிப்புல போடுங்க.

ரூட்_ராஜா: தனி ட்ரிப்புக்கு டீசல் யாரு தருவா மேடம். சரி, அடுக்கு விஷயத்துல அண்ணன் சொல்றதை ஒத்துக்கிறேன். ஆனா பொள்ளாச்சி கடை பூட்டியிருந்தா? அப்போ 60 மூட்டையும் வழியை அடைச்சுக்கிட்டு உடுமலை வரைக்கும் வரும், டின்னை எப்படி எடுப்பீங்க?

பழைய_டிரைவர்: கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுட்டுத்தான் லோடே ஏத்தணும். அதையும் மீறி பூட்டியிருந்தா அரிசி மேல தவழ்ந்து போயி டின்னை ஒவ்வொண்ணா கைமாத்தி எடுக்கலாம், இடுப்பு உயரம் கூட இல்லையே.

ரூட்_ராஜா: 15 கிலோ டின்னை மூட்டை மேல தவழ்ந்து 40 தடவையா? எந்த லோடுமேனும் செய்யமாட்டாரு அண்ணே. நடுவுல ஒரு சந்து விட்டு ரெண்டு பக்கமும் மூட்டை அடுக்கிறதுதான் நல்லது.

பழைய_டிரைவர்: சந்து விட்டா குறுக்க மூணு மூட்டைதான் நிக்கும், உயரம் ஏறும், சந்துக்குள்ள மூட்டை சரியும். அதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

கோவை_டெப்போ: நாளைக்கு லோடு அஞ்சு அடுக்குலயே போடுறேன், பலகைக்கு சொல்லியாச்சு. சோப்பை என்ன பண்றதுன்னு மொதலாளிகிட்ட கேக்கணும்.