புதுப்பிப்பு: முற்பண மோசடி, முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்தாயிற்று

அன்று கேட்டது: "வெள்ளவத்தையில் வீடு என்று முகநூல் விளம்பரம் பார்த்து 85,000 ரூபாய் முற்பணம் அனுப்பினோம், ஆளைக் காணவில்லை. சைபர் குற்றப் பிரிவுக்கு என்ன எழுதுவது?"

சிஐடியின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்குத் தமிழிலேயே எழுதினேன். வங்கியில் வேலை செய்த அண்ணா ஒருவர் சொன்னபடி, 85,000 என்று மொத்தமாகப் போடவில்லை. இரண்டு தடவையாக அனுப்பியதால் 50,000 ஒரு வரியில், 35,000 இன்னொரு வரியில். ஒவ்வொன்றுக்கும் திகதி, நேரம், என் கணக்கு, பெற்றவரின் வங்கி, கிளை, கணக்கு இலக்கம், பரிவர்த்தனை இலக்கம். பணம் எங்கே போனது என்று தேட அந்தக் கடைசி இலக்கம்தான் கைகொடுக்கும். கூடவே வங்கிக் கூற்றும் வைத்தேன்.

வட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷொட் போதும் என்றார் ஒரு தம்பி. பாதி சரி. ஆனால் அதில் நாம் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை, தொலைபேசி இலக்கம் தெரிய வேண்டும். வெட்டாமல், திகதியோடு எடுத்தேன். விளம்பரக் கணக்கின் முழு இணைப்பையும் எழுதினேன், ஏனென்றால் பெயரை அவர்கள் நினைத்த நேரம் மாற்றலாம். வட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்தாலும் போனில் எதையும் அழிக்கவில்லை, ஏனென்றால் விசாரிப்பவர்கள் மூலத்தைக் கேட்கலாம்.

ஓடிபி கொடுத்து ஏமாந்ததாக இங்கே எழுதிய அக்கா, உங்கள் விஷயம் வேறு. முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், கடிதம் அப்புறம்.

முத்திரையிட்ட பிரதி கையில் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.