மில்லில் அரைத்த கோதுமை மாவு: சப்பாத்தி மதியத்துக்குள் விறைக்குது, மாவும் கசக்குது. யாராவது உதவுங்க

கீழக்கரை சமையல்கட்டு

நான் கீழக்கரையில வீட்டிலிருந்தே சாப்பாட்டு ஆர்டர் எடுத்துச் செய்றேன். காலையில சப்பாத்தி போட்டு ஹாட்பாக்ஸ்ல வச்சுக் கொடுத்தா, வேலைக்குப் போற பசங்க மதியம் சாப்பிடுவாங்க. இதுவரைக்கும் பாக்கெட் மாவுதான் வாங்கிட்டு இருந்தேன். இப்போ சம்பா கோதுமை வாங்கி, கழுவிக் காயவச்சு, பக்கத்து மில்லில அரைச்சுப் பயன்படுத்துறேன். ருசி நல்லா இருக்குன்னு எல்லாருமே சொல்றாங்க. ஆனா ரெண்டு பிரச்சனை.

முதலாவது, கல்லுல இருந்து எடுக்கும்போது மெத்துன்னு இருக்கிற சப்பாத்தி மதியத்துக்குள்ள தோல் மாதிரி ஆயிடுது. மடிச்சா ஓரம் விரியுது. கிலோவுக்கு 600 மில்லி தண்ணி, ரெண்டு ஸ்பூன் எண்ணெய், பத்து நிமிஷம் ஊறல். பாக்கெட் மாவுக்கும் இதே அளவுதான், அப்போ இப்படி ஆகலை.

ரெண்டாவது, மூணாவது வாரம் போகும்போது மாவுல ஒரு காறல் வாடை வருது, சப்பாத்தியும் லேசா கசக்குது. வண்டு எதுவும் இல்லை. மறுபடி மைதா கலந்த மாவுக்குப் போக மனசில்லை. என்ன பண்ணலாம்?

பரமக்குடி ராஜா

லாத்தா, தனிக் கோதுமைன்னா அப்படித்தான் இருக்கும். கிலோவுக்கு 200 கிராம் மைதா சேருங்க, கூட ஒரு சிட்டிகை ஆப்பசோடா, கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசைங்க. சாயங்காலம் வரைக்கும் பஞ்சு மாதிரி இருக்கும். எங்க வீட்டுல இப்படித்தான்.

தொண்டி வாசகி

நல்ல கேள்வி. எங்க அத்தாவுக்கு சுகர் இருக்கு. மைதாவை விட்டுட்டு இந்த மில் மாவு சப்பாத்தி எத்தனை வேணும்னாலும் கொடுக்கலாமா? ராத்திரி நாலு சாப்பிடுவார்.

ராமநாதபுரம் பேக்கரிக்காரர்

கீழக்கரை தங்கச்சி, ஒவ்வொண்ணா சொல்றேன். நான் மாவோட புழங்குற ஆளு. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடுறேன்.

கோதுமை மணியில மேல தவிடு, ஒரு முனையில முளை, மீதி எல்லாம் வெள்ளை மாவு. மைதாங்கிறது அந்த வெள்ளை மட்டும். எடையில தவிடு ஏறக்குறைய ஏழுல ஒரு பங்கு, முளை மூணு சதவீதம் கூட வராது. உங்க ரெண்டு பிரச்சனையில முதலாவது தவிட்டால வர்றது, ரெண்டாவது பெரும்பாலும் முளையால வர்றது. அதனால ஒரே வைத்தியம் ரெண்டுக்கும் சேராது.

முதல்ல விறைப்பு. பாக்கெட் மாவு நைசா இருக்கும், அதுல தவிடும் பொடியா இருக்கும், சீக்கிரம் ஊறிடும். நம்ம ஊரு மில்லில தவிடு பெரிய செதிலா விழும். பிசையும்போது அது தண்ணியை உடனே குடிக்காது. மாவு அப்போ மெத்துன்னு இருக்கிறதைப் பார்த்து 600 மில்லி போதும்னு தோணும். அப்புறம் அரை மணி நேரத்துல தவிடு மெல்ல மெல்ல தண்ணியை உள்ள இழுக்கும், மாவு இறுகும். நீங்க பத்து நிமிஷத்துல தேய்ச்சுச் சுட்டுடறீங்க. சுட்ட பிறகும் தவிடு பக்கத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும்ல. உங்க டப்பாவுக்குள்ள நடக்கிறது அதுதான்.

கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு சப்பாத்தியைத் தேய்ச்சு ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க. பழுப்புப் பொட்டு இருக்கிற இடமெல்லாம் சின்னச் சின்னக் கிழிசல் தெரியும். மாவு இழுவையா வர்றதுக்குக் காரணமான பசை இழைகளைத் தவிட்டுச் செதில் அங்க அறுத்திருக்கும். மதியம் மடிக்கும்போது அந்த இடத்துலதான் விரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு கிலோ மாவை மெல்லிய சல்லடையில சலிச்சுடுங்க. மேல நிக்கிற தவிட்டைக் கொட்டிடாதீங்க. 80 கிராம் நின்னுதுன்னு வச்சுக்கங்க. அதுல 160 மில்லி நல்ல சூடான தண்ணி ஊத்தி மூடி, ஆறுற வரைக்கும் விடுங்க. அது கஞ்சி மாதிரி மெத்துன்னு ஆயிடும், முனையெல்லாம் மழுங்கிடும். அப்புறம் சலிச்ச மாவோட அதைச் சேர்த்து, இன்னும் 550 மில்லி தண்ணி பக்கத்துல வச்சுக்கிட்டு, கடைசி 50 மில்லியை மட்டும் மாவோட பதம் பார்த்து ஊத்துங்க. ஆக மொத்தம் 700 தாண்டும். ஆரம்பத்துல கையில ஒட்டும், பயந்து மாவு தூவாதீங்க. ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வச்சுட்டு மறுபடி ரெண்டு நிமிஷம் பிசைஞ்சா ஒட்டாது. கல்லு நல்லா காய்ஞ்சிருக்கணும். மெல்லிய தணல்ல ரொம்ப நேரம் போட்டா ஈரம் போயிடும், அதுக்கப்புறம் எதுவும் உதவாது.

பரமக்குடி தம்பி சொன்னதுல பாதி சரி. சூடு தண்ணி உதவும், ஆனா கொதிக்கிற தண்ணியை மொத்த மாவுலயும் ஊத்தினா இழுவை போய் மாவு பிசுபிசுப்பாயிடும். தவிட்டுக்கு மட்டும் ஊத்தினா போதும். ஆப்பசோடா வேண்டாம். தவிடு இருக்கிற மாவு காரத்துல மஞ்சளாயிடும், வாசனையும் மாறும். மைதா சேர்த்தா தேய்க்கச் சுலபம்தான், ஆனா ஆறினதும் ரப்பரா இழுக்கும்.

அப்புறம் கசப்பு. முளையில எண்ணெய் இருக்கு. மணி முழுசா இருக்கிற வரைக்கும் அது பத்திரமா உள்ள கிடக்கும். அரைச்ச உடனே அந்த எண்ணெய் மாவு முழுக்கப் பரவி, காத்துப் பட்டு, சூடு பட்டுக் கெட ஆரம்பிக்கும். மைதாவுல முளையும் தவிடும் இல்லாததாலதான் அது மாசக்கணக்குல நிக்குது. நம்ம கடலோரத்துச் சூட்டுல, ஈரக்காத்துல முழு கோதுமை மாவு மூணு வாரம் தாங்கலைன்னா ஆச்சரியமில்லை. ரெண்டு விஷயம் கேக்குறேன். கழுவின கோதுமையை எவ்வளவு நேரம் காயவச்சீங்க? மில்லில இருந்து மாவு சூடா வரும்போதே டின்ல அடைச்சீங்களா?

தொண்டித் தங்கச்சி, கோதுமையோட தவிடு நார்ச்சத்துதான், ஆனா உள்ள இருக்கிற மாவு அதே மாவுதான். எத்தனைன்னு கணக்கு இல்லாம சாப்பிடறதுக்கு இது வழி இல்லை. அத்தாவோட அளவை டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

கீழக்கரை சமையல்கட்டு

அண்ணே, ரொம்ப நன்றி. கோதுமையைக் கழுவி மொட்டை மாடியில ஒரு மதியம் காயவச்சேன். அன்னைக்குக் கடல்காத்து ஈரமா இருந்துச்சு. மில்லில இருந்து வந்த சூட்டோடதான் டின்ல போட்டு மூடினேன், மூடியில லேசா வேர்வை மாதிரி நின்னுச்சு. எங்களுக்கு முன்னாடி ஒருத்தர் கம்பு அரைச்சுட்டுப் போனார், அதுவும் ஞாபகம் வருது.

ராமநாதபுரம் பேக்கரிக்காரர்

அப்போ காரணம் மூணும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவுன்னு இங்க இருந்து சொல்ல முடியாது. கம்பு மாவு கோதுமையை விட வேகமா கசக்கும். கல்லுல ஒட்டியிருந்தது உங்க மாவுல கலந்திருந்தா அதுவும் ஒரு பங்கு. அடுத்த தடவை முதல்ல ஒரு கைப்பிடி கோதுமையைப் போட்டு ஓடவிட்டு, அதைத் தனியா வாங்கிடுங்க.

காய்ஞ்சிருச்சான்னு பார்க்க மணியைப் பல்லுல கடிங்க. டக்குன்னு உடையணும். பல்லுல அமுங்கினா இன்னும் வெயில் வேணும். மாவு வந்ததும் பேப்பர்ல பரப்பி நல்லா ஆறவிட்டு அப்புறம் அடைங்க. கோதுமையா வச்சா மாசக்கணக்குல இருக்கும், அதனால பத்து நாளுக்குத் தேவையானதை மட்டும் அரைங்க. மிச்சம் இருந்தா காத்துப் போகாத பையில கட்டி ஃபிரிட்ஜ்ல வைங்க. எடுக்கும்போது பையைத் திறக்காம வெளிச் சூட்டுக்கு வரவிடுங்க, இல்லைன்னா குளிர்ந்த மாவு மேல ஈரம் படியும்.

இப்போ கையில இருக்கிற மாவை ஒரு சிட்டிகை நாக்குல வச்சுப் பாருங்க. நல்ல மாவு லேசா இனிக்கும். தொண்டையில அரிச்சா அதைக் கழிச்சுடுங்க. வறுத்தாலும் அந்தக் காறல் போகாது, புது மாவுலயும் கலக்காதீங்க.

மண்டபம் பன் கடை

அண்ணே, நானும் நடுவுல வர்றேன். கோதுமை பன் கேட்டு ஆள் வர்றாங்கன்னு மைதா பன் அளவையே வச்சு முழுசும் மில் கோதுமை மாவுல போட்டேன். செங்கல் மாதிரி வந்துச்சு. ஈஸ்ட் கூட்டினேன், அப்பவும் பொங்கி அடுப்புக்குள்ள உக்காந்துடுது.

ராமநாதபுரம் பேக்கரிக்காரர்

ஈஸ்ட்டைக் கூட்டாதீங்க, அது எதிர்ப்பக்கம் போற வழி. தவிடு காத்துக்குமிழியைக் குத்தி விடுது. முளையில இருக்கிற சில பொருள் பசையைத் தளர்த்துது. முழு கோதுமையில ஈஸ்ட்டுக்குச் சாப்பாடும் அதிகம், பொங்குறது வேகமாத்தான் இருக்கும். நம்ம ஊரு வெக்கையில மைதாவுக்குக் காத்திருக்கிற நேரம் இதுக்குக் காத்திருந்தா சுவர் தாங்காம அடுப்புல சரிஞ்சிடும்.

முதல்ல பத்துல மூணு பங்கு கோதுமை, ஏழு பங்கு மைதான்னு ஆரம்பிங்க. கோதுமை மாவை மட்டும் அதுக்கு உண்டான தண்ணியில முந்தின ராத்திரி ஃபிரிட்ஜ்ல ஊறவிடுங்க. 300 கிராமுக்கு 230 மில்லி போதும். காலையில மைதா, ஈஸ்ட், உப்பு, மீதித் தண்ணி. உருட்டி வச்சது ரெட்டிப்பாகட்டும்னு காத்திருக்காதீங்க. ஒண்ணரை மடங்கு ஆனதும் விரலால அழுத்துங்க. பள்ளம் மெல்ல மேல வந்தா உடனே அடுப்புல போடுங்க. பள்ளம் அப்படியே நின்னா நேரம் தாண்டிடுச்சு. இதுல பிடிமானம் வந்ததும் கோதுமையைப் பாதி வரைக்கும் ஏத்தலாம். முழுசும் கோதுமைன்னா மைதா பன் உயரம் வராது, அதை வாங்குறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

பரமக்குடி ராஜா

அண்ணே, ஆப்பசோடா பத்திச் சொன்னது புரியுது. ஆனா எங்க வீட்டுல மஞ்சளெல்லாம் ஆகலையே. பாக்கெட் மாவுங்கறதாலயா?

ராமநாதபுரம் பேக்கரிக்காரர்

இருக்கலாம் தம்பி. நீங்க சிட்டிகை போடறீங்க, மாவுலயும் தவிடு கம்மி. சோடாவைக் கூட்டிப் பாத்தீங்கன்னா தெரியும்.

கீழக்கரை சமையல்கட்டு

தவிட்டை ஊறவச்சு, அரை மணி விட்டுப் போட்டேன். ஒண்ணு ரெண்டு இன்னும் ஓரத்துல விரியுது, மத்ததெல்லாம் மதியம் மடிச்சாலும் தாங்குது. பழைய மாவு தொண்டையில அரிச்சது, எடுத்துட்டேன். இன்னொரு சந்தேகம்: எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி உப்பு. மாவுக்கு உப்பு போடாமலேயே அதிலதான் பிசையுறேன். விரியுறதுக்கு அது காரணமா இருக்குமா?

ராமநாதபுரம் பேக்கரிக்காரர்

உப்பும் கடினத்தண்ணியும் பசையை இறுக்கும், அதனால தேய்க்கச் சிரமமா இருக்கலாம். ஆறின பிறகு விரியறதுக்கு அதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியலை. நான் கேன் தண்ணியிலதான் பிசையறேன், கிணத்துத் தண்ணியோட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. கால் கிலோவைக் காவிரிக் குழாய்த் தண்ணியிலும் கால் கிலோவைக் கிணத்துத் தண்ணியிலும் ஒரே நாள்ல பிசைஞ்சு, ரெண்டையும் மதியம் மடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்.