ஈர்க்குச்சியை மூன்றாக ஒடித்தால் முக்கோணம் வருமா? எங்கள் வகுப்பில் நடந்தது

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சித்தூர் ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். அந்தத் தாலுக்காவில் தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

நிகழ்தகவுப் பாடத்தில் பழைய கேள்வி ஒன்றை எடுத்தேன். ஒரு குச்சியைக் கண்போன போக்கில் இரண்டு இடங்களில் முறித்தால், கிடைக்கும் மூன்று துண்டுகளைக் கொண்டு முக்கோணம் வைக்க முடியுமா? நான்கில் ஒரு வாய்ப்பு என்பதுதான் எல்லோரும் சொல்லும் விடை. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கொரு காய்ந்த ஈர்க்குச்சி. பத்துப் பேருக்கு முக்கோணம் வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இருபத்து மூன்று பேருக்கு வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "டீச்சர், விடையைத் தவறாக அச்சடித்துவிட்டார்களா?" என்று கேட்டான்.

விடை தவறில்லை என்பதைக் கரும்பலகையில் காட்டினேன். எந்தத் துண்டும் குச்சியின் பாதியை எட்டக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. குச்சி 100 செ.மீ. என்று வையுங்கள். முதல் முறிவு இடப்பக்கத்திலிருந்து 30இல் விழுகிறது. இரண்டாவது முறிவு 50க்கு இந்தப் பக்கம் விழுந்தால் வலப்பக்கத் துண்டு பாதியைத் தாண்டிவிடும். 80க்கு அப்பால் விழுந்தால் நடுத்துண்டு பாதியைத் தாண்டிவிடும். ஆக 50க்கும் 80க்கும் இடையில் விழ வேண்டும். அந்த இடைவெளி 30. முதல் முறிவில் வந்த சிறு துண்டின் நீளமும் அதே 30. முதல் முறிவு 10இல் விழுந்திருந்தால் 50 முதல் 60 வரைதான் இடம், அதாவது 10. எப்போதும் சிறு துண்டு எவ்வளவோ, வாய்ப்பும் அவ்வளவே. சிறு துண்டு 0 முதல் 50 வரை எந்த நீளத்திலும் ஒரேமாதிரி வரக்கூடியது என்பதால் அதன் சராசரி 25. நூற்றுக்கு இருபத்தைந்து என்பது அங்கிருந்துதான் வருகிறது.

அப்படியானால் இருபத்து மூன்று எப்படி வந்தது? மறுபடியும் குச்சி கொடுத்து, இந்த முறை முன் பெஞ்சுப் பெண்ணின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சியை இரண்டு கையாலும் பிடித்து நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒடித்தாள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து அளவு பார்த்தாள். சிறியதை மேசைமேல் வைத்துவிட்டுப் பெரியதை எடுத்து அதன் நடுவில் ஒடித்தாள். சிறியதை மறுபடி ஒடித்த பிள்ளை வகுப்பில் ஒருவர்கூட இல்லை. நான் சொன்ன 30 கணக்கையே எடுத்துக்கொண்டால், பெரிய துண்டு 30 முதல் 100 வரை, அதன் நடு 65. 50 முதல் 80 வரை உள்ள இடைவெளியின் நடுவும் 65. முதல் முறிவு எங்கே விழுந்தாலும் இந்த இரண்டு நடுவும் ஒன்றாகவே இருக்கும். பெரிய துண்டின் நடுவை நோக்கிக் கை போனால் முக்கோணத்தை நோக்கித்தான் போகிறது.

கையை நம்பக் கூடாது என்று முடிவு செய்து லாட்டரிச் சீட்டுக்குப் போனேன். இது எல்லைப் பகுதி. அந்தப் பக்கத்திலிருந்து வந்து கேரள லாட்டரி வாங்கி, குலுக்கல் முடிந்ததும் கிழித்துக்கூடப் போடாமல் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் பொறுக்கி வந்த சீட்டுகளில் ஆறு இலக்க எண்ணின் கடைசி நான்கை எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டு இலக்கம் முதல் முறிவு, அடுத்த இரண்டு இரண்டாவது முறிவு. 6431 என்றால் 64இலும் 31இலும் முறிவு. துண்டுகள் 31, 33, 36. முக்கோணம். 3728 என்றால் 28, 9, 63. இல்லை. 00 வந்தாலும் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாலும் தள்ளிவிட்டோம். 200 சீட்டில் 47 முக்கோணம்.

இதுபோல் வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நகரி கணக்குப்பிள்ளை

நாங்கள் ஆந்திர எல்லை, விசைத்தறி ஊர். தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இதற்கு இவ்வளவு சுற்ற வேண்டியதில்லையே, டீச்சர். இரண்டாவது முறிவு பெரிய துண்டில் விழ வேண்டும். இருப்பது இரண்டு துண்டு, ஆக பாதி வாய்ப்பு. அங்கே விழுந்தாலும் ஓரமாக விழாமல் நடுப்பகுதியில் விழ வேண்டும், அதுவும் பாதி. பாதியில் பாதி கால். ஒரே வரி.

குமுளி தச்சர்

கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஆட்டுக்கொட்டகைக்கு முகப்பு முக்கோணம் வைக்க எத்தனையோ ரீப்பர் அறுத்திருக்கிறேன். ஒரு முறைகூட முக்கோணம் வராமல் போனதில்லை. அடித்துண்டை முதலில் அறுத்துக்கொள்வேன், பாதிக்குக் குறைவாக. மிச்சத்தைச் சரிபாதியாக அறுத்தால் இரண்டு சாய்வுக் கட்டை. இதில் வாய்ப்பு எங்கே வந்தது? அளந்து அறுக்கத் தெரியாதவர்களுக்கு வேண்டுமானால் நான்கில் மூன்று வீணாகும்.

பாலக்காடு, ஓய்வு பெற்ற புள்ளியியல்காரர்

தச்சர் செய்வதைத்தான் டீச்சரின் பிள்ளைகளும் செய்திருக்கிறார்கள், அளவுகோல் மட்டும் இல்லை. அவர் வாய்ப்பு நூற்றுக்கு நூறு. பிள்ளைகளுடையது நூற்றுக்கு ஐம்பத்தேழு.

நகரிக்காரருக்கு விடை சரி, வழி தவறு. ஒரு தவறு இன்னொன்றை ஈடுகட்டியிருக்கிறது. இரண்டு துண்டு இருக்கிறது என்பதால் பாதிப் பாதி ஆகிவிடாது. பெரிய துண்டு நீளமானது, முறிவு அங்கே விழத்தான் அதிக இடம். சராசரியாகப் பெரிய துண்டு குச்சியின் முக்கால் பங்கு, எனவே அந்த வாய்ப்பு முக்கால். அங்கே விழுந்தவற்றில் மூன்றில் ஒன்றுதான் முக்கோணமாகிறது. முக்காலில் மூன்றில் ஒன்று, கால்.

பிள்ளைகள் செய்ததுபோல் பெரிய துண்டையே எடுத்து, ஆனால் நடுவைக் குறிவைக்காமல், அதில் எங்கேயாவது முறித்தால் வாய்ப்பு 2 ln 2 − 1, அதாவது 0.386. சிறு துண்டு 30 என்றால் 70இல் 30, 10 என்றால் 90இல் 10. இப்படி எல்லா நீளத்துக்கும் சராசரி எடுத்தால் அது வரும். எந்தத் துண்டை முறிப்பது என்று காசு சுண்டிப் பார்த்தால் அதில் பாதி, 0.193. கேள்வியில் ஒரு சொல் மாறினால் விடையும் மாறும். புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

லாட்டரிச் சீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைசி நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கும் சீட்டுகளைக் கட்டாக வாங்குகிறவர்கள் உண்டு. ஒரே ஆள் போட்டுவிட்டுப் போன கட்டு கையில் கிடைத்தால் ஒரே குச்சியைப் பத்து முறை எண்ணுவீர்கள்.

பழைய மாணவி, இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறேன்

சார், ஒரு இடம் இடிக்கிறது. முறிவு பெரிய துண்டில் விழுந்தால் மூன்றில் ஒன்று என்கிறீர்கள். அடுத்த பத்தியில், பெரிய துண்டில் எங்கேயாவது முறித்தால் 0.386 என்கிறீர்கள். இரண்டிலும் முறிவு பெரிய துண்டில்தான் இருக்கிறது, அதுவும் எங்கே வேண்டுமானாலும். பிறகு எப்படி இரண்டு விடை? ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும்.

நகரி கணக்குப்பிள்ளை

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். (நினைக்கவில்லை. இப்போதுதான் தோன்றியது.)

பாலக்காடு, ஓய்வு பெற்ற புள்ளியியல்காரர்

நல்ல கேள்வி. எனக்கும் ஒரு காலத்தில் இது இடித்தது. இரண்டும் சரி.

முதல் முறையில், முறிவு சிறு துண்டில் விழுந்த குச்சிகளை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் பார்க்கிறோம். ஒதுக்கப்பட்டவை எவை? சிறு துண்டு பெரிதாக இருந்தவைதான் அதிகம். சிறு துண்டு 45 என்றால் அதில் முறிவு விழ நல்ல வாய்ப்பு உண்டு, 5 என்றால் அநேகமாக விழாது. ஆனால் சிறு துண்டு பெரிதாக இருப்பதுதான் முக்கோணத்துக்கும் நல்லது. முக்கோணம் தரக்கூடிய நல்ல குச்சிகளாகப் பார்த்து ஒதுக்கிவிடுகிறோம், மிச்சம் இருப்பவை சற்று மோசமான கூட்டம். இரண்டாவது முறையில் எந்தக் குச்சியையும் ஒதுக்குவதில்லை. டீச்சரிடம் முறிவுகளின் வரிசை எழுதி வைக்கப்பட்டிருந்தால் பிரித்துப் பார்க்கலாம். ஒதுக்கியவற்றில் சிறு துண்டின் சராசரி 33 அளவிலும், மிச்சத்தில் 22 அளவிலும் இருக்க வேண்டும்.

குமுளி தச்சர்

புரிந்ததுபோல் இருக்கிறது. மரக்கடையில் நல்ல கட்டையை முன்னாடி வந்தவன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் நமக்குக் கோணல்தான் மிஞ்சும். அதுதானே?

பாலக்காடு, ஓய்வு பெற்ற புள்ளியியல்காரர்

அதுவேதான். என் விளக்கத்தைவிட நன்றாக இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

நோட்டில் வரிசை இருந்தது. நேற்றிரவு உட்கார்ந்து பிரித்தேன். 200இல் 148 பெரிய துண்டில், 52 சிறு துண்டில். 47 முக்கோணமும் அந்த 148இலிருந்துதான், மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. சிறு துண்டின் சராசரி ஒதுக்கிய 52இல் 34, மற்றவற்றில் 22. சார் சொன்னதை ஒட்டியே வந்துவிட்டது. கட்டுச் சீட்டு விஷயமும் உண்மை, ஒரே எண் ஆறு சீட்டில் இருந்ததைக் கண்டு முன்பே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. 1850 என்ற சீட்டில் துண்டுகள் 18, 32, 50. சின்னவை இரண்டும் சேர்ந்து பெரியதற்குச் சமம். மேசையில் வைத்தால் கோட்டின்மேல் கோடாகப் படுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுவந்த பையன் முக்கோணம்தான் என்று விடமாட்டேன் என்கிறான், மெலிந்த முக்கோணமாம். இப்படி ஏழு சீட்டு.

பாலக்காடு, ஓய்வு பெற்ற புள்ளியியல்காரர்

தொடர்ச்சியான குச்சியில் இந்த வழக்கே எழாது, சரியாகப் பாதி வர வாய்ப்பு பூஜ்யம். சென்டிமீட்டர் குறிகளில் மட்டும் முறிப்பதால் வருகிறது. 99 குறிகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 4851 வழி. அவற்றில் முக்கோணம் 1176, படுத்தவை 147. நூற்றுக்கு 24.2 ஆகிறது, முழுக் கால் இல்லை. குறிகளை நெருக்கமாக்க ஆக்கக் கால் பங்கை நெருங்கும். 1873இல் பிரான்சில் எமில் லெமுவான் இந்தக் கணக்கை எழுதியபோது அவரும் சம பாகங்களாகக் குறித்த குச்சியில்தான் தொடங்கினார்.

நகரி கணக்குப்பிள்ளை

பையனுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

எண்ணிப் பார்த்தேன். ஏழில் பாதியைச் சேர்த்தால் 50 தாண்டிவிடுகிறது, சேர்க்காவிட்டால் 47. அவனோ ஏழையும் முழுதாகக் கேட்கிறான். இப்போதைக்கு நோட்டில் தனிக் கட்டம் போட்டு "படுத்தவை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.