காது வலி போயிடுச்சு, ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான்

தண்டையார்பேட்டை அம்மா:
பையனுக்கு 20 மாசம், அஞ்சு மாசத்துல மூணு தடவை காதுல இன்ஃபெக்‌ஷன். மொத தடவை படுக்க வெச்சாலே வீல்னு கத்துவான், மடியில நிமித்தி வெச்சா அடங்குவான், நான் பல்லு மொளைக்குதுன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை ஒரு காதுதான் செவந்திருக்கு ஜுரமும் கம்மின்னு டாக்டர் பாராசிட்டமால் மட்டும் குடுத்து ரெண்டு நாள் பாக்கலாம், கொறையலன்னா ஆன்டிபயாட்டிக்னாரு, தேவையே படல. மூணாவது தடவை ரெண்டு காதும், காலைல தலகாணி உறைல மஞ்ச கறை, அன்னிக்கே அமாக்சிசிலின் ஆரம்பிச்சு 10 நாள் முழுசா குடுத்தேன்.

அப்புறம் ஜுரமில்ல, அழுகையுமில்ல. ஆனா குக்கர் விசில் அடிச்சா ஓடி வர்றவன் பின்னாடி நின்னு மெதுவா பேரைச் சொன்னா திரும்பல. சேட்டைன்னாங்க வீட்ல. ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுத்தோம், காதுல சின்ன ரப்பர் முனை வெச்சு சில செகண்ட்தான், மலை மாதிரி வரவேண்டிய கோடு ரெண்டு காதுலயும் படுத்தே கெடந்துச்சு. செவிப்பறைக்குப் பின்னாடி நீர் நிக்குதாம்.

வியாசர்பாடி ஆயா:
பூண்டு போட்டு காய்ச்சின எண்ணெய் ரெண்டு சொட்டு விடும்மா, எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதான். படுக்க வெச்சு பால் பாட்டில் குடுக்காத.

பெரம்பூர், காது டெஸ்ட் எடுக்குற வேலை:
பாட்டில் விஷயம் சரிங்க ஆயா, ஆனா சீழ் வந்த காதுல செவிப்பறை ஓட்டையா இருக்கலாம், எண்ணெய் நேரா உள்ள போயிடும், வேணாம். தங்கச்சி, இப்போ நிக்கிற நீருக்கு இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் யாராவது குடுத்தா எதுக்குன்னு கேளுங்க, அது பெரும்பாலும் மூணு மாசத்துல தானா வடிஞ்சிடும். கோடு நீர் இருக்குன்னுதான் சொல்லும், எவ்ளோ கேக்குதுன்னு சொல்லாது. அதுக்கு சத்தம் வர்ற பக்கம் திரும்புனா பொம்மை லைட் எரியிற ரூம் டெஸ்ட் இருக்கு, இந்த வயசுக்கு அதக் கேளுங்க. பொறந்தப்போ காது டெஸ்ட்ல பாஸ் ஆகியிருந்தாலும் அது இப்பத்திக்கு கணக்கில்ல.

காசிமேடு அப்பா:
என் பொண்ணுக்கு 6 வயசு, காதுல அழுக்கு கட்டி சுத்தம் பண்ணதும் கேட்டுச்சு. அழுக்கா இருக்கப்போவுது, பாருங்க.

தண்டையார்பேட்டை அம்மா:
அழுக்கு இல்லண்ணா, பாத்துட்டாங்க. நேத்து மூணு மாச டெஸ்ட் முடிஞ்சுது. இடது காதுல மலை வந்துடுச்சு, வலதுல இன்னும் கோடு படுத்தேதான். ரூம் டெஸ்ட்ல மெல்லிசான சத்தத்துக்கும் திரும்புனான், ஆனா அதுல ஸ்பீக்கர்லதான் சத்தம் வருது, நல்ல காது கேட்டாலே போதும், தனித்தனி காது தெரியாதாம். நீர் வடிய செவிப்பறைல சின்ன குழாய் வெக்கலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு, டாக்டர் ஒரு காதுதான, மழைக்காலம் போவட்டும், பேச்சு வருதான்னு பாத்துட்டு மறுபடி எடுக்கலாம்னாரு. இப்போ எட்டு வார்த்தை பேசுறான், நோட்டுல எழுதிட்டு வர்றேன். ஒரு காதுல மட்டும் நீர் நின்னு காத்திருந்தவங்க யாராவது இருக்கீங்களா, எத்தனை மாசம் ஆச்சு?