மறு: லாஜிஸ்டிக் வளைவுல வர்ற K-க்கு ‘தாங்குதிறன்’னு போடலாமா?

இளவேனில்:
சென்சஸ் எண்ணிக்கைக்கு லாஜிஸ்டிக் வளைவ ஃபிட் பண்றது பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன். கடைசியா வளைவு மட்டமாகுற உயரத்துக்கு, அதாவது K-க்கு, ‘தாங்குதிறன்’னு போட்டுருக்கேன், சூழலியல்ல ஏற்கெனவே புழங்குற சொல்தானே. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

சேகர்:
அதுவே போதும்பா, புதுசு எதுக்கு? வளைவு புள்ளிகளோட ஒட்டிப் போய் ஆர் ஸ்கொயர் 0.99 வந்துடுச்சுன்னா K-வும் சரிதான், தாங்குதிறன்தான்.

மங்கை:
சேகர் சார், ஒட்டிப் போறது வேற, K தெரியறது வேற. பேர்ல், ரீட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1920ல அமெரிக்க சென்சஸ்ல 1790, 1850, 1910 இந்த மூணு புள்ளி வழியா வளைவ இழுத்தாங்க, K சுமார் 19.7 கோடின்னு வந்துச்சு, நடுவுல இருக்கற சென்சஸோடயும் நல்லாவே பொருந்துச்சு. ஆனா 1970 சென்சஸ்ல 20.3 கோடி பேர், அதுக்கப்புறமும் ஏறிட்டேதான் இருக்கு.

நீங்களே போட்டுப் பாக்கலாம், மூணு எண்ணிக்கை 39.29 லட்சம், 2.319 கோடி, 9.197 கோடி. கடைசி எண்ண மட்டும் 3 சதவீதம் கூட்டுங்க, K 21.6 கோடிக்குப் போயிடும், 3 சதவீதம் குறைச்சா 18.1 கோடி. ஏன்னா அவங்க வளைவுல பாதி K வர்றதே 1914லதான், அதுவரைக்கும் வளர்ச்சி வேகம் லேசா தளர்றத வச்சு மட்டும்தான் K-வ ஊகிக்கணும், எண்ணுறதுல வர்ற பிழையும் அந்தத் தளர்வுலயேதான் போய் விழுது. சோதிக்கணும்னா K-வ ஒரு மதிப்புல நிறுத்தி வச்சு மத்தத ஃபிட் பண்ணுங்க, அப்படியே K-வ ஏத்திட்டே போனாலும் பிழைக் கூட்டுத்தொகை பெருசா ஏறலன்னா டேட்டாவுக்கு K தெரியலன்னு அர்த்தம்.

அதனால ஃபிட்ல வர்றத ‘மட்ட எல்லை’ன்னு சொல்லலாம், நிலமும் உணவும் எவ்வளவு தாங்கும்னு தனியா ஆராய்ஞ்சு சொல்ற எடத்துல மட்டும் தாங்குதிறன்னு வைக்கலாம்ங்கறது என் கருத்து.

ராஜி:
நாங்க வருஷா வருஷம் பறவை எண்றோம்க்கா, போன தடவை எண்ண வந்த ஆள் கம்மி, K-வும் இறங்கிடுச்சு. அப்ப ஏரியோட தாங்குதிறன் குறைஞ்சுடுச்சா?

மங்கை:
இல்லம்மா. எல்லா வருஷமும் ஒரே பங்கு தவறிச்சுன்னா K அந்த அளவுக்குச் சின்னதாகும், வளர்ச்சி வீதம் r மாறாது. ஆனா ஆள் கூடிக் குறையுற வருஷங்கள்ல அந்தப் பங்கே மாறுது, ஆள் கூடக்கூட பறவை பெருகுற மாதிரித் தெரியும். எத்தனை பேர் எத்தனை மணி நேரம் எண்ணுனீங்கங்கறத மாடல்ல சேக்காம K-வத் தொடாதீங்க.

சேகர்:
சரிம்மா, ஆனா ‘மட்ட எல்லை’ன்னா எனக்கு ரசமட்டம்தான் ஞாபகம் வருது. ‘நிறைவு வரம்பு’ பரவால்ல.

இளவேனில்:
‘நிறைவு’ன்னா நிஜமாவே நிறைஞ்சு போச்சுன்னு படிச்சிடுவாங்களே, மங்கைக்கா வேண்டாங்கறதே அதத்தானே. இப்போதைக்கு ‘ஃபிட்ல கெடச்ச K’ன்னே எழுதி 18.1ல இருந்து 21.6 வரைக்கும் ஆடுறதையும் பக்கத்துலயே போட்டுடறேன், வேற சொல் தோணுனா அனுப்புங்க.